சம்பளப் பட்டியலில் எது ஃபார்முலா, எது கையால் அடித்த எண்? வண்ணம் போட்டுப் பிரிக்க வழி சொல்லுங்கள்

நூலிழை

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடைப் பிரிவின் சம்பளப் பட்டியல் 2024 மே மாதத்திலிருந்து என் பொறுப்பில் இருக்கிறது. எனக்கு முன்பு அதைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எக்செல் தாளில் 86 தொழிலாளர்கள், 5ஆம் வரிசையிலிருந்து 90ஆம் வரிசை வரை. 91இல் மொத்தம். `C` பத்தியில் வந்த நாள்கள், `D`யில் மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை, `E`யில் அது நாள் கணக்குக்கு எவ்வளவு, `F`இல் மொத்த ஊதியம், `G`யில் பி.எஃப்., `H`இல் இ.எஸ்.ஐ., `I`யில் முன்பணம், `J`யில் கையில் கிடைப்பது. `C`, `D`, `I` மூன்றும் நாங்கள் அடிப்பவை. மற்ற ஐந்தும் ஃபார்முலா என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மே மாதக் கணக்கை எங்கள் ஆலோசகருக்கு அனுப்பினேன். அவர் `E` பத்தியை மட்டும் எடுத்துத் தன் மென்பொருளில் பி.எஃப். கணக்கிடுகிறார். தொழிலாளர் பங்கு எங்கள் தாளில் உள்ளதைவிட 3,192 ரூபாய் கூடுதலாக வருகிறது என்றார். ஒவ்வொரு கட்டமாகச் சொடுக்கி மேலே ஃபார்முலா பட்டையைப் பார்த்துக்கொண்டு போனேன். முப்பது வரிசை தாண்டியதும் கண் பூத்துவிட்டது. ஃபார்முலா இருக்கும் கட்டம் ஒரு நிறத்திலும் அடித்த எண் வேறு நிறத்திலும் தெரியும்படி செய்ய முடியுமா?

எண்சாவடி

மிகவும் எளிது. விசைப்பலகையில் `Esc`க்குக் கீழே இருக்கும் சாய்ந்த ஒற்றைக் குறியைக் கண்ட்ரோலுடன் சேர்த்து அழுத்துங்கள், அதாவது `` Ctrl+` ``. எல்லாக் கட்டங்களிலும் விடைக்குப் பதில் ஃபார்முலாவே தெரியும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

நூலிழை

நன்றி. ஆனால் நான் கேட்டது நிறம். இதை அழுத்தினால் பத்திகள் எல்லாம் அகலமாகி, `=ROUND(MIN(E5,15000)*12%,0)` என்று 86 தடவை வருகிறது. ஒவ்வொன்றிலும் வரிசை எண் மாறுவதால் எது வித்தியாசமானது என்று கண்ணுக்குப் புலப்படவில்லை.

பழைய பேரேடு

தங்கை, நான் ஓய்வு பெற்ற கணக்காளன். இதை ஒரு முறை செய்துவிட்டால் போதும். `F5` அழுத்தி, வரும் பெட்டியில் `Special` என்பதைச் சொடுக்கி, `Formulas` என்பதைத் தேர்ந்தெடுத்து `OK` கொடுங்கள். ஃபார்முலா உள்ள கட்டங்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். பெயிண்ட் வாளியில் மஞ்சளை எடுத்து ஊற்றுங்கள். மஞ்சள் இல்லாதது கையால் அடித்தது. முடிந்தது.

அதற்குப் பிறகு யாரும் கைவைக்காதபடி பூட்டிவிடுங்கள். முழுத் தாளையும் தேர்ந்தெடுத்து `Format Cells` பெட்டியில் `Locked` என்பதை எடுத்துவிட்டு, ஃபார்முலாக் கட்டங்களுக்கு மட்டும் அதைத் திரும்பப் போட்டு, `Protect Sheet` கொடுத்தால் ஆயிற்று.

தணிக்கைத் தடம்

பேரேடு ஐயா சொன்ன `Go To Special` சரியான இடம்தான். உள்தணிக்கை வேலையில் எந்தத் தாளைத் திறந்தாலும் நான் முதலில் போவதும் அங்கேதான். ஆனால் இரண்டு இடங்களில் நான் வேறு மாதிரி செய்வேன்.

முதலாவது, ஃபார்முலாவைத் தேடாமல் அடித்த எண்ணைத் தேடுவேன். உங்கள் ஐந்து பத்திகளிலும் சேர்த்து 430 கட்டங்கள். அவற்றில் 425க்கு மேல் நல்ல ஃபார்முலாவாகத்தான் இருக்கும். அத்தனைக்கும் மஞ்சள் பூசிவிட்டு, பூசாத நான்கைந்தைத் தேடுவது கண்ணுக்கு வேலை. `E5`இலிருந்து `H90` வரை தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு `J5`இலிருந்து `J90` வரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். `I` பத்தி வேண்டாம், முன்பணம் அடித்துத்தான் ஆக வேண்டும். இப்போது `F5` விசை, `Special`, `Constants`. கீழே உள்ள நான்கு சிறு பெட்டிகளிலும் குறி அப்படியே இருக்கட்டும். `Text` என்பதை எடுத்துவிட வேண்டாம், ஏனென்றால் எண்ணுக்கு முன்னால் மேற்கோள்குறி போட்டு எழுத்தாக அடித்த தொகை அந்தப் பெயரில்தான் பிடிபடும். அப்படிப்பட்ட தொகையை `SUM` கூட்டாமல் விட்டுவிடும், பார்ப்பதற்கோ எண் போலவே இருக்கும்.

கவனம்: ஒரே ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு இதைச் செய்தால் எக்செல் முழுத் தாளையும் தேடும். தலைப்பு, பெயர், நாள்கள் எல்லாம் தேர்வாகிவிடும். முதலில் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் செய்தால் அந்தப் பகுதிக்குள் மட்டும் தேடும்.

இரண்டாவது, வாளியில் ஊற்றிய நிறம் ஊற்றிய நாளின் நிலவரத்தை மட்டுமே சொல்லும். நாளை அந்த மஞ்சள் கட்டத்தில் ஒருவர் 1584 என்று அடித்தால் அது மஞ்சளாகவே இருக்கும். ஃபார்முலா போய்விட்டது என்று யாருக்கும் தெரியாது. அந்த நிறம் அடுத்த மாதம் நம்மைத் தவறாக நம்பவைக்கும். அதனால் நிறம் வேண்டுமென்றால் கட்டத்தின் நிலைக்கேற்பத் தானாக மாறும் நிறம் வேண்டும். அதற்கு `Conditional Formatting`, `New Rule`, அதில் கடைசியாக வரும் `Use a formula` என்ற வகை. விதி இவ்வளவுதான்:

```
=NOT(ISFORMULA(E5))
```

`ISFORMULA` எக்செல் 2013இலிருந்து இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு ஆ

ஐயா, நான் பள்ளி ஆசிரியை. மதிப்பெண் பட்டியலைக் கூகுள் ஷீட்ஸில் வைத்திருக்கிறேன். அங்கேயும் `ISFORMULA` இருக்கிறது. இதே விதியை முழுத் தாளுக்கும் போட்டேன், தாள் முழுவதும் சிவப்பாகிவிட்டது. மாணவர் பெயர், தலைப்பு, ஒன்றுமே எழுதாத வெற்றுக் கட்டங்கள், எல்லாம் சிவப்பு. எங்கே தவறினேன்?

தணிக்கைத் தடம்

விதி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, அம்மா. பெயரும் ஃபார்முலா இல்லை, வெற்றுக் கட்டமும் ஃபார்முலா இல்லை. முழுத் தாளுக்கும் போட வேண்டுமென்றால் எண் உள்ள கட்டங்களுக்கு மட்டும் என்று விதியைக் குறுக்க வேண்டும்:

```
=AND(ISNUMBER(A1),NOT(ISFORMULA(A1)))
```

ஆனால் அப்போது நீங்கள் அடித்த மதிப்பெண்கள் அனைத்தும் நிறம் பெறும், அவை அடிக்க வேண்டியவைதானே? கூட்டுத்தொகை, சராசரி வரும் பத்திகளுக்கு மட்டும் முதல் விதியைப் போடுங்கள். அங்கே வெற்றுக் கட்டம் சிவப்பாவது நல்லதுதான். கணக்கு வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்றால் அதுவும் தெரிய வேண்டும்.

நூலிழை

நானும் விதியைப் போட்டேன், ஆனால் எனக்கு வந்தது விநோதமாக இருக்கிறது. முதலில் ஃபார்முலா எங்கே இருக்கிறது என்று பார்க்கலாமென்று `NOT` இல்லாமல் `=ISFORMULA(E5)` என்று எழுதிப் பச்சை கொடுத்தேன். பச்சை வந்தது, ஆனால் `A`, `B`, `C`, `D` பத்திகளில்! தொழிலாளர் பெயரெல்லாம் பச்சை. `E` வெள்ளையாக நிற்கிறது. `F` மறுபடி பச்சை. அதுவும் முதல் வரிசையிலிருந்தே, நிறுவனத்தின் பெயர் இருக்கும் தலைப்பிலிருந்தே தொடங்குகிறது. பெயர்ப் பத்தியில் ஃபார்முலா எப்படி இருக்கும்?

தணிக்கைத் தடம்

முழுத் தாளையும் தேர்ந்தெடுத்துவிட்டு விதியை எழுதியிருக்கிறீர்கள், சரியா? தேர்வில் முனைப்பாக இருக்கும் கட்டம், அதாவது வெள்ளையாகத் தெரியும் கட்டம், `A1`. நீங்கள் எழுதியது `E5`. எக்செல் அதை "என்னிலிருந்து நான்கு பத்தி வலப்பக்கம், நான்கு வரிசை கீழே இருப்பதைப் பார்" என்று எடுத்துக்கொண்டது. அந்தக் கட்டளையையே ஒவ்வொரு கட்டத்துக்கும் கொடுத்தது. `E`யின் விடை `A`வில் விழுந்தது, `F`இனுடையது `B`யில். நீங்கள் கையால் அடிக்கும் முன்பணப் பத்தி `I`, அதன் விடை `E`யில் விழுந்தது, அதனால்தான் `E` வெள்ளை.

விதிக்குள் எழுதும் முகவரி எப்போதும் தேர்வில் வெள்ளையாக இருக்கும் கட்டத்தின் முகவரியாக இருக்க வேண்டும். `E5`இல் தொடங்கி இழுத்தால் `E5`. கீழிருந்து மேலாக இழுத்திருந்தால் வெள்ளைக் கட்டம் கீழே இருக்கும், அப்போதும் இதே குழப்பம் வரும். இடப்பக்கம் மேலே உள்ள பெயர்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதில் என்ன முகவரி தெரிகிறதோ அதையே எழுதுங்கள்.

நூலிழை

வந்துவிட்டது! பழைய விதியை நீக்கினேன். `E5:H90`, `J5:J90` இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். பெயர்ப் பெட்டியில் `J5` என்று காட்டியதால் விதியில் `J5` என்று எழுதினேன். 430 கட்டங்களில் மூன்று மட்டும் சிவப்பு. மூன்றும் `G` பத்தி.

37ஆம் வரிசை: `E`யில் 14,100, பி.எஃப். கட்டத்தில் வெறும் 1584. 58ஆம் வரிசை: `E`யில் 13,500, பி.எஃப். 1500. 71ஆம் வரிசை: `E`யில் 15,400, பி.எஃப். 1716.

1584ஐ 12 விழுக்காட்டால் வகுத்துப் பார்த்தேன், 13,200 வருகிறது. அந்த அக்காவின் பழைய சம்பளம் அதுதான்! மே மாதம் அவருக்கு 900 ரூபாய் ஏறியது. 1500க்கு 12,500, 1716க்கு 14,300. மூவருக்குமே மே மாதம்தான் ஊதிய உயர்வு. ஏதோ ஒரு மாதம் யாரோ இந்த மூன்று கட்டங்களிலும் சரியான தொகையையே அடித்திருக்கிறார்கள். சம்பளம் மாறாதவரை அது சரியாகவே இருந்திருக்கிறது.

ஃபார்முலாவை மேலிருந்து இழுத்து நிரப்பினேன். 1692, 1620, 1800. வித்தியாசம் 108, 120, 84, ஆகக் கூடி 312. ஆனால் ஆலோசகர் சொன்னது 3,192. இன்னும் 2,880 எங்கே? இப்போது ஒரு சிவப்புக்கூட இல்லை.

குளத்தங்கரை

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் லிப்ரேஆபிஸ் கால்க் பயன்படுத்துகிறேன். அதில் இத்தனை சுற்றே வேண்டாம். `Ctrl+F8` அழுத்தினால் ஃபார்முலா எல்லாம் பச்சை எழுத்தில், அடித்த எண்கள் நீல எழுத்தில், சொற்கள் கறுப்பில் தெரியும். `View` பட்டியலில் `Value Highlighting` என்று இருக்கும். இது பார்வைக்கு மட்டும், கோப்பில் எந்த நிறமும் ஒட்டிக்கொள்ளாது. அடுத்தவர் தாளைச் சோதிக்கும்போது அதைத் தொடாமலே பார்த்துவிடலாம். எக்செல் கோப்பையும் இதில் திறந்து பார்க்கலாமே.

பழைய பேரேடு

என்னிடம் இன்னும் எக்செல் 2010தான் இருக்கிறது, அதில் `ISFORMULA` இல்லை. என்னைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். `Name Manager` திறந்து, ஒரு பெயர் வைத்து, அதற்கு இதைக் கொடுங்கள்:

```
=GET.CELL(48,INDIRECT("rc",FALSE))
```

பிறகு விதியில் அந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும். பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்துகிறேன், எந்த எக்செலிலும் வேலை செய்யும்.

தணிக்கைத் தடம்

ஐயா, 2010க்கு இது நல்ல வழி. "எந்த எக்செலிலும்" என்பதை மட்டும் மாற்ற வேண்டும். `GET.CELL` பழைய எக்செல் 4 மேக்ரோ மொழியைச் சேர்ந்தது. கோப்பை மேக்ரோ வடிவமான `.xlsm` ஆகச் சேமிக்காவிட்டால் அது நிலைக்காது. 2022இலிருந்து புதிய எக்செலில் அந்த மொழியை மைக்ரோசாப்ட் இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது. உங்கள் கோப்பைப் புதிய கணினியில் திறப்பவருக்கு நிறமே வராமல் போகலாம், வராததை அவர் "எல்லாம் சரி" என்று எடுத்துக்கொள்வார். 2013 அல்லது அதற்குப் பிந்தைய எக்செல் உள்ளவர்களுக்கு `ISFORMULA`தான்.

நூலிழை, உங்கள் 2,880க்கு வருகிறேன். `ISFORMULA` ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: இந்தக் கட்டம் சமக்குறியில் தொடங்குகிறதா? `=1584` என்று அடித்தாலும் ஆம் என்று சொல்லும். `=13200*12%` என்றாலும் ஆம். `=SUM(G5:G90)+500` என்றாலும் ஆம். நிறம் வந்த பிறகு அடுத்த கேள்வி, பத்தி முழுவதும் ஒரே ஃபார்முலாதானா என்பது.

அதற்கு நிறம்கூட வேண்டாம். `G5`இல் தொடங்கி `G90` வரை தேர்ந்தெடுத்து `Ctrl+Shift+\` அழுத்துங்கள். `G5`இல் உள்ள ஃபார்முலாவிலிருந்து எந்தக் கட்டம் மாறுபடுகிறதோ அது மட்டும் தேர்வாகி நிற்கும். அடித்த எண்ணும் பிடிபடும், வேறு மாதிரி எழுதிய ஃபார்முலாவும் பிடிபடும். வரிசை எண் மாறுவதை அது வித்தியாசமாக எடுத்துக்கொள்ளாது. எல்லாம் ஒன்றாக இருந்தால் `No cells were found.` என்று சொல்லும். மொத்தம் வரும் 91ஆம் வரிசைக்கும் இதே சோதனைதான், அதற்கு `Shift` இல்லாமல் `Ctrl+\`. `E91`இலிருந்து `J91` வரை தேர்ந்தெடுத்து அழுத்திப் பாருங்கள்.

எண்சாவடி முதலில் சொன்னதும் இங்கே பயன்படும். `File`, `Options`, `Formulas` என்று போய் `R1C1 reference style` என்பதில் குறியிடுங்கள். பிறகு அவர் சொன்ன விசையை அழுத்துங்கள். இப்போது `G` பத்தி முழுவதும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி தெரியும்:

```
=ROUND(MIN(RC[-2],15000)*12%,0)
```

"இதே வரிசையில் இரண்டு பத்தி இடப்பக்கம் உள்ளது" என்று முகவரி எழுதப்படுவதால் வரிசைக்கு வரிசை மாறாது. மாறிய ஒன்று இருந்தால் துருத்திக்கொண்டு தெரியும்.

எண்சாவடி

நான் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் சொன்னேன். ஆனால் இப்போது செய்து பார்த்ததும் அசந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகள் `R1C1` குறியை யாரோ தவறுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். ஆறு பத்தி உள்ள என் இருப்புக் கணக்கில் ஒரே பார்வையில் இரண்டு இடங்கள் வேறாகத் தெரிந்தன. ஒன்றில் விலை வேறு தாளிலிருந்து வருகிறது, மற்றொன்றில் பழைய விலை ஃபார்முலாவுக்குள்ளேயே அடிக்கப்பட்டிருக்கிறது.

நூலிழை

`G5:G90` சரியாக இருக்கிறது, எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் வந்தது. 91ஆம் வரிசையில் `Ctrl+\` அழுத்தினேன். `G91`, `H91` இரண்டும் தேர்வாகின.

`E91`இல் `=SUM(E5:E90)`. `G91`இல் `=SUM(G5:G88)`. கடைசி இரண்டு வரிசைகள் கூட்டலில் இல்லை! 89, 90 இரண்டும் மே மாதம் சேர்ந்த இரு பெண்கள். இருவருக்கும் 12,000 ரூபாய், பி.எஃப். ஆளுக்கு 1440. இரண்டும் சேர்ந்து 2,880. அவர்களுடைய கட்டங்களில் ஃபார்முலா சரியாக இருந்தது, சம்பளத்தில் பிடித்தமும் சரியாக ஆகியிருக்கிறது. மொத்தத்தில் மட்டும் வரவில்லை. இப்போது 3,192 முழுவதற்கும் கணக்குக் கிடைத்துவிட்டது.

ஆனால் `H91`இல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. `=SUM(H5:H90)+46` என்று இருக்கிறது. இந்த 46 என்ன?

தணிக்கைத் தடம்

2,880 கிடைத்தது மகிழ்ச்சி. மொத்தத்துக்கு நேர் மேலே புது வரிசை செருகும்போது `SUM` தானாக நீளும் என்று நம்பக் கூடாது. செருகிய இடம் பழைய எல்லைக்கு வெளியே இருந்தால் எல்லை நகராது. மொத்தத்துக்கு மேலே ஒரு வெற்று வரிசையை விட்டு அதையும் கூட்டலுக்குள் சேர்த்துவிட்டு, புதியவர்களை எப்போதும் அந்த வெற்று வரிசைக்கு மேலேயே செருகுங்கள். அப்போது எல்லை தானாக நீளும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் தாளில் `E91`உம் `F91`உம் 90 வரை இருந்ததால்தான் `G91` தனித்துத் தெரிந்தது. எல்லாமே 88உடன் நின்றிருந்தால் இந்தச் சோதனை எதையும் காட்டியிருக்காது, நிறமும் காட்டியிருக்காது. அப்படி நடந்த ஒன்று உலகத்துக்கே தெரியும். பொருளியலாளர்களான கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகோஃபும் 2010இல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆம்ஹெர்ஸ்டில், தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களிடமிருந்து அந்தத் தாளைப் பெற்றுத் திறந்து பார்த்தார். சராசரி 30ஆம் வரிசையிலிருந்து 49 வரை போக வேண்டியது, 44உடன் நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன. 2013இல் அது வெளியே வந்தது. அந்தக் கட்டுரையின் முடிவு மாறியதற்கு வேறு காரணங்களும் இருந்தன, இந்த ஒன்று மட்டும் அல்ல. ஆனால் அந்தக் கட்டங்களில் `ISFORMULA` போட்டிருந்தால் எல்லாமே ஃபார்முலா என்றுதான் சொல்லியிருக்கும். எல்லையை மனிதர் ஒருவர் திறந்து படித்தால்தான் தெரியும். மொத்த வரிசையில் உங்களுக்கு ஆறு கட்டங்கள்தான், மாதம் ஒரு முறை ஆறையும் `F2` அழுத்திப் பாருங்கள். கூட்டலுக்குள் வருவதைச் சுற்றி எக்செல் கட்டம் போட்டுக் காட்டும்.

46 பற்றி நான் ஊகிக்க விரும்பவில்லை. ஏதோ ஒரு மாதம் சலானுடன் ஒத்துப்போக வேண்டுமென்று சேர்த்திருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். நீக்குவதற்கு முன் கடந்த மாதங்களின் இ.எஸ்.ஐ. சலான்களை எடுத்து, எந்த மாதத்திலிருந்து வித்தியாசம் 46 என்று பாருங்கள்.

குளத்தங்கரை

நான் `Ctrl+F8` போதும் என்று சொன்னேன். `G91` கால்க்கில் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும், `H91`உம் அப்படியே. என் தாளின் மொத்தங்களை இன்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் போகிறேன்.

நூலிழை

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். புதிதாக ஒன்று நடந்திருக்கிறது. 37ஆம் வரிசை அக்காவின் விவரத்தைப் பழைய மாதக் கோப்பிலிருந்து அப்படியே நகலெடுத்து எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒட்டியிருக்கிறான். `G37`இல் மறுபடியும் 1584. ஆனால் சிவப்பு வரவே இல்லை! விதி கெட்டுப்போனதா?

தணிக்கைத் தடம்

விதி கெடவில்லை, அந்த வரிசையிலிருந்து போய்விட்டது. சாதாரணமாக `Ctrl+V` கொடுத்து ஒட்டும்போது மூலக் கட்டத்தின் வடிவமைப்பும் சேர்ந்து வருகிறது. பழைய கோப்பில் இந்த விதி இல்லை, ஆகவே ஒட்டிய இடத்திலும் இல்லாமல் போயிற்று. `Conditional Formatting`, `Manage Rules` திறந்து `Applies to` என்ற இடத்தைப் பாருங்கள். முன்பு `=$E$5:$H$90,$J$5:$J$90` என்று இருந்திருக்கும். இப்போது 36உடன் முறிந்து 38இல் மறுபடி தொடங்கும்.

அந்த முறிவையே நான் தடயமாகப் பயன்படுத்துகிறேன். எந்த வரிசையில் எல்லை உடைந்திருக்கிறதோ அங்கே யாரோ வெளியிலிருந்து எதையோ ஒட்டியிருக்கிறார்கள். முதலில் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, எல்லையைப் பழையபடி அடித்துவிடுங்கள். தம்பியிடம் `Paste Special`, `Values` வழியாக ஒட்டச் சொல்லுங்கள். அப்போதும் ஃபார்முலா அழியும், ஆனால் விதி அங்கேயே இருப்பதால் கட்டம் சிவப்பாகும்.

பழைய பேரேடு

இதற்குத்தான் முதலிலேயே பூட்டு என்றேன். பூட்டியிருந்தால் தம்பியால் ஒட்டவே முடிந்திருக்காது.

தணிக்கைத் தடம்

இந்தத் தடவை ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 37ஐப் பூட்டு தடுத்திருக்கும். ஆனால் நூலிழை பொறுப்பேற்ற அன்று பூட்டியிருந்தால் அந்த மூன்று பழைய எண்களும் உள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். முதலில் சோதனை, பிறகு பூட்டு.

நூலிழை

`Applies to` நீங்கள் சொன்னபடியே 36இல் முறிந்திருந்தது. சரிசெய்துவிட்டேன், பூட்டும் போட்டுவிட்டேன்.

பூட்டியதும் வேறு சிக்கல். ஒரு தொழிலாளருக்குப் போன மாதம் பி.எஃப். குறைவாகப் பிடித்ததை இந்த மாதம் சேர்த்துப் பிடிக்க ஆலோசகர் சொல்லியிருக்கிறார். `G` கட்டத்தில் ஃபார்முலாவின் விடை வேண்டாம், வேறு தொகை வேண்டும். நானே பூட்டைத் திறந்து எண்ணை அடித்தால், எனக்கு முன்பு இருந்தவர் செய்ததையே நானும் செய்கிறேன்.

தணிக்கைத் தடம்

`G`ஐத் தொடாதீர்கள். பக்கத்தில் "பி.எஃப். சரிக்கட்டல்" என்று ஒரு பத்தி சேர்த்து அங்கே தொகையை அடியுங்கள், `J`யின் ஃபார்முலாவில் அதையும் கழியுங்கள். அடித்த எண் அடிக்க வேண்டிய பத்தியில் இருக்கும், அடுத்த மாதம் அந்தப் பத்தியைத் துடைத்துவிடலாம்.

பழைய பேரேடு

ஆண்டுக்கு இரண்டு தடவை வரும் திருத்தத்துக்காக ஒரு பத்தியா? பதிவேடு அச்சிடும்போது தாள் அகலம் போதாது. கட்டத்திலேயே அடித்து, `Shift+F2` அழுத்தி எதற்காக, எந்தத் தேதியில், யார் சொல்லி என்று குறிப்பு எழுதினால் போதும். உங்கள் விதிப்படி அது சிவப்பாகவும் நிற்கும். நிற்கட்டும், யார் பார்த்தாலும் கேட்பார்கள், குறிப்பு விடை சொல்லும்.

தணிக்கைத் தடம்

குறிப்பு இருக்கும், ஐயா. ஆனால் அடுத்த மாதம் கோப்பை நகலெடுக்கும்போது அந்த எண்ணும் குறிப்போடு கூடவே வந்துவிடும். 1584 அப்படித்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலிழை

இந்த மாதம் பத்தி சேர்க்கிறேன், அகலத்துக்கு முன்பணப் பத்தியைச் சற்றுக் குறுக்கிக்கொள்கிறேன். அச்சில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். இ.எஸ்.ஐ. சலான்களை ஜனவரி வரை எடுத்துவிட்டேன், ஜனவரியிலும் 46 இருக்கிறது. 2023இன் கோப்பு இன்னொரு கணினியில் இருக்கிறது, அதைத் திறந்தால்தான் தெரியும்.